பிரேக் கேட்கும் மெசேஜ்: நாலு வரைவு பார்த்தோம், ஒன்றைத்தான் அனுப்பினோம்

2025 பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை இரவு, தோழி ஒருத்தி தன் போனை என்னிடம் நீட்டி, "இதை அனுப்பட்டுமா?" என்றாள். டைப் செய்து அனுப்பாமல் வைத்திருந்தது இரண்டே வரி. "எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேணும். தப்பா எடுத்துக்காத."

நான் வேண்டாம் என்றேன். அன்றிரவு ஒன்றரை மணி வரை உட்கார்ந்து வேறு என்னென்ன மாதிரி எழுதலாம் என்று பார்த்தோம். (அவள் படித்துச் சரி சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் அவர்கள் கதை, ஏனென்றால் எந்த வரைவு சரி என்பது கதையைப் பொறுத்தது. அவள் சென்னை, அவன் பெங்களூர், மூன்று வருடக் காதல். அவளுடைய அக்காவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அது முடியாமல் இவள் வீட்டில் வாயைத் திறக்க முடியாது. அவனுக்கு வயது முப்பது, அவன் அம்மா ஜாதகத்தை நாலு பேரிடம் கொடுத்துவிட்டார். அதனால் தினமும் இரவு பத்து மணி போனில் அவன் "வீட்டுல எப்ப சொல்லப் போற?" என்று கேட்பான், இவள் "பாக்கலாம்" என்பாள், அவன் திரும்பக் கேட்பான், இவள் அமைதியாகிவிடுவாள், அந்த அமைதி அவனுக்கு இன்னும் பயத்தைக் கொடுக்கும், இன்னும் நாலு தடவை கேட்பான். இரண்டு மாதமாக இதே. பிரிய வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அந்தப் பத்து மணி போன் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இன்னொருவர் நழுவிக்கொண்டே இருக்கிறார். இடைவெளி கேட்பது பெரும்பாலும் நழுவுகிறவர்தான். அதனால் அவர் எவ்வளவு அன்பாக எழுதினாலும், படிப்பவருக்கு அது இன்னொரு நழுவலாகத்தான் தெரியும். கேட்டுக் கேட்டு ஓய்ந்தவரின் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுக்காமல் இடைவெளி வாங்க முடியாது. வரைவுகளை நான் அளந்தது இந்த ஒன்றை வைத்துத்தான்.

அந்த இரண்டு வரி

"எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்" என்பதில் எல்லாச் சிக்கலும் "கொஞ்சம்" என்ற சொல்லில் இருக்கிறது. கொஞ்சம் என்றால் இரண்டு நாளா, இரண்டு மாதமா? போன் மட்டும் வேண்டாமா, மெசேஜும் வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை அவன் பிறந்தநாள் வந்தால் வாழ்த்தலாமா, கூடாதா? எதுவும் சொல்லாததால் எல்லாவற்றையும் அவன் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்டால் "ஸ்பேஸ் கேட்டேன்ல" என்று இவளுக்கு எரிச்சல் வரும். மூன்றாம் நாள் "ஓகேவா?" என்று ஒன்று வரும், ஐந்தாம் நாள் "இது பிரேக்கப்பா?" என்று வரும், அப்புறம் பொதுவான நண்பர்களிடம் விசாரணை தொடங்கும். இடைவெளியைப் பற்றிப் பேசியே இடைவெளி தீர்ந்துபோகும்.

முடிவு தேதி இல்லாத காத்திருப்பு ஏன் இவ்வளவு வதைக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தார். இறந்தார் என்றால் அழுது தீர்க்கலாம், இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம், இரண்டும் தெரியாதபோது மனம் எந்தப் பக்கமும் நகர முடியாமல் நிற்கிறது என்று அவர் கண்டார். அதோடு ஒரு காதல் சண்டையை ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், தெரியும். ஆனால் "கொஞ்சம் ஸ்பேஸ்" வாங்கிக்கொண்டு போனவரின் ஆன்லைன் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் நிலைமையும் அந்த வகைதான், ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை.

"தப்பா எடுத்துக்காத" வேறு. அதைப் படித்த பிறகுதான் தப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே தோன்றும்.

நீளக் கடிதம்

சரி, இரண்டு வரி போதாது என்றதும் அவள் எதிர்ப்பக்கம் போனாள். அரை மணி நேரத்தில் நாலு ஸ்க்ரோல் நீளத்துக்கு ஒன்று வந்தது. போன தீபாவளிக்கு அவன் சொன்னது, அவன் நண்பன் முன்னால் தன்னைக் கிண்டலடித்தது, அக்காவின் நிலைமையைப் புரிந்துகொள்ளாதது, எல்லாம் அதில் இருந்தன, கடைசியில் "அதனால கொஞ்ச நாள் பேச வேணாம்."

எழுதும்போது மனது லேசாகும், அதை மறுக்கவில்லை. எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அனுப்பினால் என்ன நடக்கும் என்றால், குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வாயைக் கட்டியது போல ஆகும். எட்டுப் புகார் சொல்லிவிட்டு "இப்போது பேசாதே" என்றால் எந்த மனிதனும் பேசாமல் இருக்க மாட்டான். எட்டுக்கும் வரிசையாகப் பதில் வரும், அதில் இரண்டு நியாயமாகவும் இருக்கும், அதற்கு இவள் பதில் சொல்லியாக வேண்டும். இரவு பத்து மணி போன் போய் நாள் முழுக்க மெசேஜ் சண்டை வரும். என் கணக்கில் இரண்டு வரியைவிட இது மோசம், ஏனென்றால் இரண்டு வரியை அடுத்த நாள் விளக்கிவிடலாம், இதைத் திரும்பப் பெற முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அழிக்கலாம், ஆனால் அழித்தால் அழித்த தடம் அங்கேயே நிற்கும், அவன் அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பான்.

சொல்லாமலே குறைத்துக்கொள்வது

இதை அவள் ஏற்கெனவே இரண்டு வாரம் செய்து பார்த்திருந்தாள். "ஆபீஸ்ல வேலை அதிகம்", "தலைவலி", "சார்ஜ் இல்ல". நம்மில் பலர் முதலில் போவது இங்கேதான், மெசேஜ் எழுதும் சங்கடமே இல்லை பாருங்கள். ஒரு வாரம் ஓடும். அப்புறம் பதினொன்றே முக்காலுக்கு ஆன்லைனில் இருந்தது தெரியும். லாஸ்ட் சீனை ஒருவருக்கு மட்டும் மறைக்க வழி இருக்கிறது, ஆனால் நேற்று வரை தெரிந்தது இன்று தெரியாமல் போனால் அதுவே ஒரு செய்தி. பிடிபட்டபோது அவன் கேட்டது, "இடைவெளி வேணும்னா சொல்லியிருக்கலாமே, எதுக்குப் பொய்?" அதற்கு அவளிடம் பதில் இல்லை. அவன் கேட்டது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

நடுவில் ஒரு கேள்வி: வாரக்கணக்கில் வேண்டுமா, இருபது நிமிடம் போதுமா?

நாலாவது வரைவுக்குப் போகும் முன் இதைக் கேட்டேன். சில பேருக்கு உண்மையில் தேவை சண்டை நடுவில் ஒரு நிறுத்தம், அதை அவர்கள் உறவிலிருந்தே ஒரு பிரேக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜான் காட்மன் என்ற உளவியலாளர் சியாட்டிலில் தம்பதிகளுக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவியை மாட்டி, அவர்களைச் சண்டையிட வைத்துப் பார்த்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் உள்ளே போவதில்லை என்கிறார், உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்கிறார். ஒரு சோதனையில் கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிச் சண்டையை நிறுத்தி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். திரும்பப் பேச உட்கார்ந்தபோது அதே ஆட்கள் வேறு மாதிரி பேசினார்கள்.

உங்கள் சண்டை எப்போதாவது வந்து, அடங்கினால் இயல்பாகிவிடுகிறது என்றால் உங்களுக்குத் தேவை இந்தச் சின்ன வகைதான். "இப்ப சூடா இருக்கேன், ஒன்பதரைக்கு நானே கூப்பிடுறேன்" என்ற ஒரு வரி போதும், ஒன்பதரைக்குக் கூப்பிட்டுவிட வேண்டும். பிரேக் மெசேஜ் எல்லாம் வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அவளிடம் நான் கேட்டது, சண்டை இல்லாத நாளிலும் பத்து மணி நெருங்கும்போது எப்படி இருக்கிறது என்று. "ஒன்பதரைக்கே வயித்தைப் பிசையும்" என்றாள். அப்படியென்றால் இருபது நிமிடத்தில் தீராது.

கடைசியில் அனுப்பியது

"நாம பிரியணும்னு சொல்றதுக்காக இதை எழுதல, நீ வேணும், அதுல மாற்றம் இல்ல. ரெண்டு மாசமா ராத்திரி ஒரே விஷயத்தைப் பேசிப் பேசி, மணி பத்தாகப் போகுதுன்னாலே எனக்கு வயித்தைப் பிசையுது. நீ கேக்குறது தப்பில்ல, எனக்குப் பதில் யோசிக்க இடம் கிடைக்கல. நாளைக்கு ஞாயிறு 2ஆம் தேதியிலேர்ந்து மூணு வாரம் போன் வேணாம்னு கேக்குறேன். ஞாயிறு காலையில நான் ஒரு மெசேஜ் போடுறேன், நீயும் போடு, வீட்டு விஷயம் மட்டும் அதுல வேணாம். அவசரம்னா எப்ப வேணா கூப்பிடு, எடுப்பேன். 22 சனிக்கிழமை நான் பெங்களூர் வர்றேன். வீட்டுல யார்கிட்ட, எப்ப சொல்றதுன்னு அன்னைக்கு ஒரு பதிலோட வருவேன். நடுவுல நான் வேற யாரையும் பார்க்கப் போறதில்ல, நீயும் அப்படித்தான்னு நம்புறேன், இல்லன்னா இப்பவே சொல்லிடு. இதுல எது உனக்கு முடியாதுன்னாலும் சொல்லு, மாத்திக்கலாம்."

முதல் வரி ஏன் அது? போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது அந்த வரிதான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினால், மெசேஜைத் திறப்பதற்குள் அவன் பாதி செத்துவிடுவான், அப்புறம் எதையும் நிதானமாகப் படிக்க மாட்டான். பிரிவா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை கீழே எழுதியது எதுவும் ஏறாது, அதனால் அது முதலில்.

கேட்டவன் கையில் எதைக் கொடுப்பது என்றேனே, அது "அன்னைக்கு ஒரு பதிலோட வருவேன்" என்ற வரி. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. அவளுக்கு எழுதவே பிடிக்கவில்லை, "பதில் தெரியலன்னா?" என்றாள். கைமாற்று கேட்கும்போது எப்போது தருவேன் என்று சொல்லாமல் கேட்போமா, என்றேன். அப்பாவிடம் சொல்லிவிட்டு வருவேன் என்று எழுதச் சொல்லவில்லை, அதை அவளால் நிறைவேற்ற முடியாது. யாரிடம், எப்போது என்ற திட்டத்தோடு வர முடியும், அதனால் அதை மட்டும் எழுதினாள். நிறைவேற்ற முடியாததை இதில் எழுதினால் 22ஆம் தேதிக்குப் பிறகு அவள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

மூன்று வாரம் என்பதும் பேரம் பேசி வந்ததுதான். அவள் முதலில் சொன்னது இரண்டு மாதம். இரண்டு மாதம் பேசாமல் இருந்தால் பேசாமல் இருப்பது பழகிவிடும், அந்த இடத்தில் அவன் அம்மா கொடுத்த ஜாதகம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் என்றால் முதல் நாலு நாள் குற்ற உணர்ச்சியிலேயே போய்விடும், யோசிக்க நேரம் இருக்காது. இதற்கென்று விதி ஏதும் இல்லை. எதை யோசிக்கப் போகிறீர்களோ அதற்கு எவ்வளவு நாள் தேவை என்று பார்த்து வைக்கலாம், காரணம் சொல்ல முடியாத நீளம் மட்டும் வேண்டாம்.

சுத்தமாகத் தொடர்பே வேண்டாமா, வாரம் ஒரு மெசேஜா என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. சுத்தமாக வேண்டாம் என்பது கேட்கிறவருக்கு வசதி, அதோடு விதியும் எளிது. ஆனால் இங்கே ஒருவர் பயந்துபோயிருக்கிறார். வாரம் ஒன்று என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தால், மீதி ஆறு நாளும் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. என் ஓட்டு அதற்கு. இருவருமே சோர்ந்துபோய், இருவருமே நிறுத்தம் விரும்பும் ஜோடி என்றால் தொடர்பே இல்லாததும் நன்றாகத்தான் இருக்கும்.

வேறு யாரையும் பார்ப்பதில்லை என்ற வரியை எழுத எல்லோருக்கும் கூச்சம். எழுதிவிடுங்கள். பிரேக் என்ற சொல்லை ஒருவர் "உறவு அப்படியே இருக்கிறது, பேச்சு மட்டும் நிற்கிறது" என்று எடுத்துக்கொள்ள, இன்னொருவர் "தற்காலிகமாக உறவே இல்லை" என்று எடுத்துக்கொண்டு பெண் பார்க்கப் போய் உட்கார்ந்தால், அப்புறம் யார் சொன்னது சரி என்று தீர்க்க வழியே இல்லை. அவள் மெசேஜில் பிரேக் என்ற சொல்லே இல்லாததும் இதனால்தான்.

போனா, மெசேஜா, நேரிலா

நேரில் சொல்வதுதான் மரியாதை என்பார்கள். ஒரே ஊர் என்றால் சரி. ஆனால் எதிரில் அழுதால் அங்கேயே சமாதானமாகிக் கேட்க வந்ததை விழுங்கிவிட்டு வருகிற ஆள் இவள், அப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது. போனில் சொன்னால் அது இன்னொரு பத்து மணி போன். வாய்ஸ் நோட்டில் குரல் வரும், கடுமை தெரியாது, ஆனால் தேதியும் விதியும் நினைவில் நிற்காது, ஏழு தடவை திரும்பக் கேட்டு ஒரு பெருமூச்சுக்கு அர்த்தம் தேடுவார்கள். எழுத்தில் இருந்தால் சந்தேகம் வரும்போது திரும்பப் படிக்கலாம், அந்த முதல் வரி ஒவ்வொரு தடவையும் அங்கே இருக்கும்.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் போன் செய்து, "ஒண்ணு எழுதி அனுப்புறேன், பயப்படுற மாதிரி இல்ல, பொறுமையா படிச்சிட்டு சாயங்காலம் சொல்லு" என்றாள். பிறகு அனுப்பினாள். இரவில் அனுப்பினால் அவன் தனியாக விழித்துக்கிடப்பான், வேலை நாளில் அனுப்பினால் ஏதோ ஒரு மீட்டிங் நடுவில் திறப்பான்.

இது பொருந்தாத இடங்கள்

மனதில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, ஒரேயடியாகச் சொல்லத் தைரியம் இல்லாமல் இந்த மெசேஜை அனுப்புவது அநியாயம். தனக்குத் தானே வைத்துக்கொள்ளச் சுலபமான சோதனை: 22ஆம் தேதி என்று எழுதும்போது அந்த நாளை நினைத்துக் கொஞ்சமாவது நிம்மதி வருகிறதா, அல்லது அந்த நாள் வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் எழுத வேண்டிய மெசேஜ் வேறு.

கல்யாணம் ஆனவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. நம் ஊரில் ஒரு மனைவி பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போனாலே "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று ஊர் பேசிவிடும், இரண்டு பக்கப் பெரியவர்களும் பஞ்சாயத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே வீட்டுக்குள்ளேயே இடைவெளியை வைக்க வேண்டியிருக்கிறது, குறிப்பிட்ட விஷயத்தை இரண்டு வாரம் எடுப்பதில்லை, சனிக்கிழமை மாலை மட்டும் எடுப்போம் என்ற மாதிரி.

போனை வாங்கிப் பார்ப்பது, எங்கே இருக்கிறாய் என்று படம் கேட்பது, கை ஓங்குவது, படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுவது, இதெல்லாம் நடக்கிற உறவில் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அங்கே "எது முடியாதுன்னாலும் சொல்லு, மாத்திக்கலாம்" என்று எழுதுவது ஆபத்து. முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. "நீ பேசலன்னா செத்துடுவேன்" என்று பதில் வந்தால் அதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம், அவர் வீட்டில் ஒருவருக்கு உடனே தெரியப்படுத்துங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கொடுங்கள், அதில் தமிழிலும் பேசலாம்.

அப்புறம் என்ன ஆனது

பதில் வர ஆறு மணி நேரம் ஆனது. அந்த ஆறு மணி நேரமும் அவள் என் வீட்டு சோபாவில்தான். "மூணு வாரம் சரி. ஆனா நடுவுல ஒரு தடவை குரல் கேக்கணும், அஞ்சு நிமிஷம்" என்று எழுதியிருந்தான். அவள் 9ஆம் தேதி ஞாயிறு என்றாள். அந்த ஐந்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது, வீட்டு விஷயம் ஒரு வார்த்தைகூட வரவில்லை, அவன் ஆபீஸ் கேன்டீன் சாம்பாரைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினார்களாம். 12ஆம் தேதி இரவு அவன் விதியை மீறி "தூக்கம் வரல" என்று ஒன்று போட்டான். அவள் "எனக்கும்தான், ஞாயிறு பேசலாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். கோபப்படாமலும் உரையாடலைத் தொடங்காமலும் அப்படி ஒரு வரியில் நிறுத்தியது அவள் சொந்த யோசனை, எனக்குத் தோன்றியிருக்காது.

15ஆம் தேதி அவள் அக்காவிடம் சொல்லிவிட்டாள். அக்கா ஒரு நாள் பேசவில்லை, மறுநாள் போட்டோ காட்டு என்றாள். 22ஆம் தேதி பெங்களூர் போனபோது அவளிடம் இருந்த பதில் இதுதான்: அக்காவுக்குத் தெரியும், அம்மாவிடம் அக்காவும் அவளும் சேர்ந்து சித்திரை பிறந்ததும் சொல்வார்கள். அதுவரை ஜாதகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லித் தன் அம்மாவிடம் பேசுகிறேன் என்று அவன் ஒத்துக்கொண்டான். இரவு போன் இப்போது வாரம் மூன்று நாள்தான், ஒன்பது மணிக்கு.

அப்பாவிடம் யார் சொல்வது என்பது மட்டும் அன்றைக்கும் முடிவாகவில்லை.